டிக்கெட்டும் சில்லறையும் எண் பலகையும்
பம்பாய் நகர ஊர்திகளின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

பிழைப்பை நாடிப் பம்பாய்க்குச் சென்ற தமிழ் மக்களில் பெரும்பாலோர் அந்நகரில் முதன்முதலாக உரையாடியது ஒரு கண்டக்டருடனாகத்தான் இருக்க வேண்டும். அவ்வுரையாடலில் சொற்கள் மிகக் குறைவு. நாம் இறங்குமிடத்தின் பெயரைச் சொல்லுவோம். அவர் ஒரு தொகையைச் சொல்லுவார். நாணயம் கை மாறும். ஒரு துண்டுக் காகிதம் நம் கைக்கு வரும். மராத்தியோ இந்தியோ அறியாத ஒருவர், தாதரிலிருந்து மாட்டுங்காவுக்கும் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கும் இவ்வாறே போய் வந்துவிட முடிந்தது. மொழி செய்ய வேண்டிய வேலையை அங்கே மூன்று பொருள்கள் செய்தன: டிக்கெட், சில்லறை, எண் பலகை. இம்மூன்றும் எங்ஙனம் தோன்றின, எவ்விடத்தில் நம்மை ஏமாற்றக் கூடியவை என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பம்பாயில் முதல் டிராம் வண்டி ஓடியது 1874ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி. மின்சாரம் வருவதற்கு முற்பட்ட காலமாதலால் அதனைக் குதிரைகள் இழுத்தன. கொலாபாவிலிருந்து கிராபர்டு மார்க்கெட் வழியாகப் பைதோணி வரை ஒரு பாதை. போரிபந்தரிலிருந்து கால்பாதேவி வழியாகப் பைதோணி வரை மற்றொரு பாதை. தொடக்கத்தில் கட்டணம் மூன்றணா. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், அந்த வண்டிகளில் டிக்கெட் என்பதே கிடையாது. பிரயாணி பணத்தைக் கொடுத்தார்; கண்டக்டர் வாங்கிக்கொண்டார்; காரியம் முடிந்தது. டிராமுக்குக் கூட்டம் பெருகவே கட்டணம் இரண்டணாவாகக் குறைந்தது. கூட்டம் பெருகியபோது, பணம் கொடாமல் ஏறி இறங்குபவரும் பெருகினர். கொடுத்தவர் யார், கொடாதவர் யார் என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே அதே ஆண்டிலேயே டிக்கெட் புகுத்தப்பட்டது.

பணம் கொடாதவரைப் பிடிப்பதற்காகப் பிறந்த அத்துண்டுக் காகிதம், நாளடைவில் மூவருக்குச் சாட்சியாயிற்று. பிரயாணி பணம் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. கண்டக்டர் வாங்கிய பணத்துக்கு அது கணக்கு. நிர்வாகத்துக்கோ, எத்தனை பேர் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதைக் காட்டும் ஏடு. முதலாவது பயன் நமக்குத் தெரிந்ததே. மற்ற இரண்டையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்டக்டரின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவர் சில்லறை விஷயத்தில் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பது விளங்கும்.

டிக்கெட் இயந்திரங்கள் வருவதற்கு முன்பு, கண்டக்டர் கையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒவ்வொரு நிறத்தில் டிக்கெட் கட்டுகள் அதில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் தொடர் எண் உண்டு. வண்டி புறப்படுமுன் ஒவ்வொரு கட்டிலும் மேலே நிற்கும் எண்ணைக் கணக்குத் தாளில் குறிப்பார். ஓட்டம் முடிந்ததும் மீண்டும் குறிப்பார். இவ்விரண்டின் வித்தியாசமே விற்ற டிக்கெட்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டணாக் கட்டில் காலையில் மேலே இருந்த எண் 4320 என்று கொள்வோம். முடிவில் மேலே நிற்பது 4371. எனவே 4320 முதல் 4370 வரை, ஆக 51 டிக்கெட்டுகள் போயின. 51 டிக்கெட்டுக்கு 102 அணா. அதாவது 6 ரூபாய் 6 அணா. அத்தொகை பையில் இருந்தாக வேண்டும். குறைந்தால் கண்டக்டர் தம் கையிலிருந்து ஈடு செய்வது பல நகர நிர்வாகங்களிலும் உள்ள வழக்கம். மிகுந்தால் அதுவும் அவருக்குச் சொந்தமன்று, ஒப்படைத்துவிட வேண்டும். ஆதலால் டிக்கெட் கொடாமல் பணத்தை மட்டும் வாங்கினால், கணக்குத் தாளில் அதற்குத் தடயமே இராது. நாம் டிக்கெட்டைக் கேட்டு வாங்குவது நம்முடைய பாதுகாப்புக்கு மட்டுமன்று; நேர்மையான கண்டக்டரின் நற்பெயருக்கும் அதுவே காப்பு.

டிக்கெட்டின் ஓரத்தில் சிறு எண்கள் அச்சிடப்பட்டிருந்ததைப் பலர் கண்டிருப்போம். அவை கட்டணப் படிகளின் எண்கள். பஸ் நிற்குமிடங்கள் எல்லாம் கட்டணப் படிகள் அல்ல. சில நிறுத்தங்களைக் கடந்த பிறகே ஒரு படி மாறும். படி மாறும்போதுதான் கட்டணமும் மாறும். கண்டக்டர் தம் துளைக்கருவியால் உரிய எண்ணின் மேல் ஒரு துளை இடுவார். டிக்கெட் செல்லும் இடத்தை அத்துளையே காட்டிவிடும். பரிசோதகர் ஏறியதும் எழுத்தைப் படிக்கமாட்டார், துளையைத்தான் பார்ப்பார். நாம் ஏறும் நிறுத்தம் ஒரு படிக்குச் சற்று முந்தியதாக இருந்தால், முந்திய படியிலிருந்தே கணக்கிடப்படும். ஒரே இடத்துக்குச் செல்ல நமக்கு ஒரு கட்டணமும், அடுத்த நிறுத்தத்தில் ஏறிய நண்பருக்குக் குறைந்த கட்டணமும் ஆவதன் காரணம் இதுவே. இதில் கண்டக்டரின் ஓரவஞ்சனை ஒன்றுமில்லை.

இனிச் சில்லறைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், நாடெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு உண்டாயிற்று. உலோகம் அருமையானதால் 1943இல் நடுவே துளையிட்ட காலணா வெளிவந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் ஓட்டைக் காலணா என்று சொன்ன அந்நாணயம் அதுதான். ஆனால் கண்டக்டரையும் பிரயாணியையும் உண்மையாகவே திணற வைத்தது வேறொரு மாற்றம். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழங்கணக்கு நீங்கி, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற புதுக்கணக்கு நடைமுறைக்கு வந்தது.

பழைய நாணயங்கள் அன்றே செல்லாமற் போய்விடவில்லை. சில ஆண்டுகள் வரை இரண்டும் ஒரே பையில் கலந்து கிடந்தன. சிக்கல் அங்கேதான் தோன்றியது. நூறைப் பதினாறால் வகுத்தால் ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே அரசாங்கம் ஒரு மாற்று விதியை வகுத்தது. அரையோ அதற்குக் குறைவோ ஆன பின்னத்தைத் தள்ளிவிட வேண்டும். அரைக்கு மேற்பட்டதை முழு நயா பைசாவாகக் கொள்ள வேண்டும். அவ்விதிப்படி ஓரணா 6 நயா பைசா, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா சரியாக 25.

கேட்பதற்கு எளிய விதி. பஸ்ஸில் அது என்ன செய்தது என்று பார்ப்போம். இரண்டணா டிக்கெட்டுக்கு ஒருவர் நாலணா நாணயத்தை நீட்டுகிறார். கண்டக்டர் புதுக்காசில் மீதி கொடுத்தால், 25இல் 12 போக 13 நயா பைசா கொடுக்க வேண்டும். பழங்காசில் கொடுத்தால் ஓர் இரண்டணா நாணயம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டணா நாணயத்தின் புது மதிப்போ 12தான்! பழங்காசைப் பெற்றவருக்கு ஒரு நயா பைசா குறைந்துவிட்டது போலவும், புதுக்காசைப் பெற்றவருக்கு ஒன்று மிகுந்துவிட்டது போலவும் தோன்றும். இருவரும் சரியானதையே பெற்றனர். எனினும் அடுத்தடுத்த ஆசனங்களில் இருக்கும் இருவர் தம் மீதியை ஒப்பிட்டுப் பார்த்தால் சண்டை வராமலிராது.

இன்னுமொன்று காண்போம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர். தலைக்கு ஓரணா டிக்கெட். தனித்தனியே வாங்கினால் நான்காறு 24 நயா பைசா. சேர்த்து வாங்கி நாலணாவாகக் கொடுத்தால் 25. மூன்றணா டிக்கெட்டிலோ நிலை மாறிவிடும். கணக்குப்படி பதினெட்டே முக்கால் ஆக வேண்டியது 19 ஆகிறது. அங்கே கால் நயா பைசா பிரயாணிக்கு நஷ்டம்.

ஒரு டிக்கெட்டில் அற்பமாகத் தோன்றும் இப்பின்னம், கட்டுக் கட்டாகச் சேரும்போது அற்பமாக இராது. மேலே சொன்ன 51 இரண்டணா டிக்கெட்டுகளையே மறுபடி எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டுக்கு 12 நயா பைசா வீதம் வசூலித்தால் 6 ரூபாய் 12 நயா பைசா. அதே 102 அணாவை மொத்தமாக மாற்றினால் 6 ரூபாய் முப்பத்தேழரை நயா பைசா. ஒரே கட்டில் நாலணாவுக்குச் சற்று மேலான வித்தியாசம்! கணக்குத் தாளில் எந்த முறையில் கூட்டுவது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படாவிடில், அந்த நாலணா யாரோ ஒருவர் தலையில் விழும். கட்டணத்தையே புதுக் காசுக்கு இசைந்த முழு எண்ணாக மாற்றி அமைப்பதொன்றே இதற்கு நிலையான தீர்வு. அணா என்ற சொல் டிக்கெட்டிலிருந்து மறைந்த பிறகுதான் அமைதி திரும்பக் கூடும். 1964ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நயா என்ற அடைமொழியும் நீங்கி, வெறும் பைசா ஆயிற்று. அதே ஆண்டு மார்ச் 31ஆம் தேதிதான் பம்பாயின் கடைசி டிராம், போரிபந்தரிலிருந்து தாதருக்கு ஓடி ஓய்ந்தது.

சரியான சில்லறை கொடுங்கள் என்று கண்டக்டர் கேட்டதன் பொருள் இப்போது விளங்கும். காலையில் அவர் பையில் சில்லறை சிறிதளவே இருக்கும். முதல் பத்துப் பேரும் பெரிய நோட்டை நீட்டினால், பதினோராவது பிரயாணிக்கு மீதி கொடுக்க இயலாது. மீதியைப் பிறகு தருவதாகச் சொல்லி, டிக்கெட்டின் பின்புறத்தில் தொகையைக் குறித்துக் கொடுப்பதும் உண்டு. அவ்வாறு குறித்த டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டவர், இறங்குமிடத்தில் மீதி கேட்கச் சான்று இன்றி நிற்பார்.

மூன்றாவதாக எண் பலகை. நம்மவர் மிகவும் இடர்ப்பட்ட இடம் இதுவே. பம்பாயில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது 1926ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி. ஆப்கன் சர்ச்சிலிருந்து கிராபர்டு மார்க்கெட் வரை. 1937இல் மாடி பஸ் வந்தது. அவற்றை நடத்திய கம்பெனி 1947 ஆகஸ்டு 7ஆம் தேதி நகராட்சியின் உடைமையாயிற்று. பெஸ்ட் என்று இன்றும் அழைக்கப்படும் அந்நிறுவனத்தின் பஸ்களில், முகப்பிலுள்ள எண்ணைத் தேவநாகரி இலக்கத்திலும், பக்கவாட்டிலுள்ள எண்ணை நாமறிந்த இலக்கத்திலும் எழுதுவது நெடுங்கால வழக்கம். தமிழ்நாட்டில் பழந்தமிழ் இலக்கங்கள் அன்றாட வழக்கிலிருந்து நீங்கிவிட்டமையால், நாம் பழகியது 1, 2, 3 என்னும் சர்வதேச வடிவத்தையே. தூரத்தில் வரும் பஸ்ஸின் முகப்பைப் பார்த்து அடையாளம் காண வேண்டியவருக்கு அது பயன்படவில்லை. பக்கவாட்டைப் பார்ப்பதற்குள் பஸ் நம்மைக் கடந்துவிடும்.

தேவநாகரி இலக்கங்களில் சுழி, இரண்டு, மூன்று ஆகியவை நமக்கு அந்நியமல்ல. சிறிது வளைத்து எழுதினாற்போலவே இருக்கும். இடர் தருபவை மற்றவை. அவற்றின் ஒன்று, மேலே சுழித்துக் கீழே வால் விட்டு, நம் ஒன்பதைப் போலத் தோன்றும். நான்கு, கீழே கண்ணி வைத்து மேலே இரு கைகளை விரித்தது போலிருப்பதால் அவசரத்தில் எட்டாகத் தெரியும். ஐந்தை நான்கென்றும் ஏழை ஆறென்றும் மயங்குவது எளிது. ஆறோ, மூன்றைக் கண்ணாடியில் பார்த்தாற்போல எதிர்ப்புறம் திரும்பியிருக்கும். 141 என்ற எண் முகப்பில் வருவதாகக் கொள்வோம். அறியாதவர் கண்ணுக்கு அது 989 என்று படும். அப்படியொரு பஸ் இந்நகரில் இல்லையே என்று அவர் நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் ஏற வேண்டிய பஸ் போய்விடும். ஆகவே, எண்களை ஒன்று முதல் வரிசையாக மனனம் செய்வதைவிட, ஒன்றையும் நான்கையும் முதலில் கற்றுக்கொள்வது நலம். பெரும்பாலான பிழைகள் அவ்விரண்டிலேயே நேர்கின்றன.

எண்ணைப் படிக்கத் தெரிந்தபின் அதன் உட்பொருளும் விளங்கத் தொடங்கும். மும்பையில் இருநூறுக்குக் குறைந்த எண்கள் பொதுவாகத் தீவு நகரத்துக்குரியவை. இருநூறுகள் மேற்குப் புறநகருக்கும், ஐந்நூறுகள் வளைகுடாவின் மறுகரையிலுள்ள நவி மும்பைக்கும் உரியவை. முந்நூறும் நானூறும் பெரும்பாலும் கிழக்குப் புறநகரையும், அதனை மேற்குடன் இணைக்கும் பாதைகளையும் சுட்டும். விலக்குகள் உண்டு, எனினும் முதல் இலக்கமே பஸ் செல்லும் திக்கை ஓரளவு சொல்லிவிடுகிறது. நிறுத்தப் பலகையில் அங்கு நிற்கும் பஸ்களின் எண்கள் இருக்கும். நாம் தேடும் எண் அதில் இல்லையெனில், அந்த பஸ் அவ்வழியே போனாலும் அங்கு நில்லாது என்று கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 1940ஆம் ஆண்டு கொலாபாவுக்கும் மாஹிமுக்கும் இடையே, சில நிறுத்தங்களில் மட்டும் நிற்கும் விரைவு பஸ் ஒன்று தொடங்கப்பட்டது. பிறகு அத்தகைய பஸ்கள் பெருகின. அவற்றின் எண்ணுக்கு அருகில் மராத்தியில் ‘மர்யா’ என்ற சுருக்கம் எழுதப்படும். மர்யாதித் என்பதன் சுருக்கம் அது. வரையறுக்கப்பட்டது என்று பொருள். தமிழர் காதில் அது மரியாதை என்று விழும். மூலத்தில் இரண்டும் ஒரே வடசொல்தான். எல்லை என்பதே அதன் முதற்பொருள். எல்லை கடவாத ஒழுக்கம் என்னும் வழியில் தமிழில் அது மதிப்பைக் குறித்தது. மராத்தியில் எல்லைப் பொருளும் நிலைத்து நின்றது. ஒரே எண்ணில் சாதாரண பஸ்ஸும் மர்யாதித் பஸ்ஸும் ஓடுமாயின், எண்ணை மட்டும் பார்த்து ஏறியவர் தம் நிறுத்தத்தைப் பஸ் வேகமாகக் கடந்து செல்வதைக் கண்டு திகைப்பார். பஸ்ஸில் ஏறுமுன் எண்ணுக்கு அடுத்திருக்கும் அச்சிறு சொல்லையும் பார்ப்பது அவசியம்.

இம்மூன்று சிக்கல்களில் முதலிரண்டையும் ஒரே வீச்சில் தவிர்ப்பது நாள் முழுதும் செல்லும் பாஸ். டிக்கெட் ஒரு பிரயாணத்துக்குச் சாட்சி. பாஸ் ஒரு நாளுக்குச் சாட்சி. பஸ் மாறி ஏறுபவர் மாறுந்தோறும் புது டிக்கெட் வாங்க வேண்டியிருப்பதால், ஒரே தூரத்துக்கு இருமுறை குறைந்தபட்சக் கட்டணம் செலுத்துகிறார். பாஸ் உள்ளவருக்கு அந்நஷ்டம் இல்லை. அது நமக்கு இலாபமா என்று காண, பாஸின் விலையை நமது வழக்கமான ஒருமுறைக் கட்டணத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணைவிட அதிகமான தடவைகள் அன்று ஏறுவோமானால் பாஸ் நலம். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று செல்பவருக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே போதும். காலையில் இரண்டும் மாலையில் இரண்டும் மாறி ஏறி, இடையே வேலையின் நிமித்தம் அலைபவருக்கே பாஸ் பயன் தரும். பாஸில் தேதியே உயிர். நேற்றைய பாஸ் இன்று டிக்கெட் இல்லாமைக்குச் சமம்.

இன்று தகரப் பெட்டியும் துளைக்கருவியும் கண்டக்டர் கையில் இல்லை; இயந்திரம் சீட்டை அச்சிட்டுத் தருகிறது. கைபேசியிலும் டிக்கெட் வாங்கலாம். முகப்பு எண்ணும் ஒளிப்பலகைக்கு மாறி வருகிறது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதவை ஆயின. பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 2019 ஜூலையில் ஐந்து ரூபாயாகக் குறைந்து, 2025 மே மாதம் பத்து ரூபாயாக உயர்ந்தது. சேமிப்பைக் கணக்கிட்டு வாழும் குடும்பத்துக்கு அவ்வுயர்வு பெருஞ்சுமை. ஆயினும் ஒரே ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டினால் மீதியைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பொருள்கள் மாறினும் முறை மாறவில்லை. 1874இல் டிக்கெட் இல்லாமல் ஓடிய அவ்வண்டியில், பணம் கொடுத்த அயலூரார் ஒருவரை நீர் கொடுக்கவில்லை என்று கண்டக்டர் சொல்லியிருந்தால், உள்ளூர் மொழி தெரியாத அவர் என்ன செய்திருக்க முடியும்? இன்று அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. கையிலுள்ள சீட்டைக் காட்டினால் போதும். இறங்கும் வரை அதைப் பத்திரமாக வைத்திருப்பது ஒன்றே அவர் செய்ய வேண்டியது.